மறுநாள் கட்டட மின்சுமையை மணிவாரியாக முன்கணித்தல்: தரவுப் பிரிப்பும் பிழை அளவைகளும் முடிவை எப்படி மாற்றுகின்றன (விரிவான ஆய்வுச் சுருக்கம்)

நோக்கம்

கட்டட மின்சுமை முன்கணிப்பு பற்றிய கட்டுரைகளில் புதிய மாடல்களுக்குக் கிடைக்கும் இடம், தரவை எப்படிப் பிரித்தார்கள், கணிக்கும் நேரத்தில் உண்மையில் எந்தத் தகவல் கையில் இருந்தது என்ற கேள்விகளுக்குக் கிடைப்பதில்லை. எங்கள் சோதனைகளில் ஒரே மாடலின் பிழை, பிரிப்பு முறையை மட்டும் மாற்றியபோது 14.6 சதவீதத்திலிருந்து 8.9 சதவீதமாகக் குறைந்தது. முன்னணி மாடல்கள் இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைவிட இது பல மடங்கு பெரியது. எனவே இந்த ஆய்வு மாடல் ஒப்பீட்டோடு நிற்காமல், நடைமுறையில் கிடைக்கக்கூடிய பிழையை நேர்மையாக அளக்கும் முறையையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

தரவு

ஒரு வளாகத்தில் உள்ள 12 கட்டடங்களின் மொத்த மின் மீட்டர் அளவுகள், 2021 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை. ஒரு கட்டடத்துக்கு 35,064 மணிகள். அலுவலகம் 5, வகுப்பறைக் கட்டடம் 4, ஆய்வகம் 2, நூலகம் 1. சராசரிச் சுமை 38 கிலோவாட் முதல் 410 கிலோவாட் வரை. மீட்டர்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்தவற்றை மணிக்கூட்டுத் தொகையாக்கினோம். நேரமுத்திரை மணியின் தொடக்கத்தைக் குறிக்கிறது. மூன்று மீட்டர்கள் மணியின் முடிவைக் குறித்து வந்ததால் ஒரு மணி பின்னே நகர்த்தப்பட்டன. இதைக் கவனிக்காமல் விட்டால் வெப்பநிலைக்கும் சுமைக்கும் இடையே ஒரு மணிநேர விலகல் நிலையாகத் தங்கிவிடும். மாடல் அதையும் கற்றுக்கொள்வதால் வரைபடத்தில் எதுவும் தவறாகத் தெரியாது.

மூன்று வகைக் கோளாறுகளை நீக்கினோம். முதலாவது, தொடர்பு அறுந்தபின் விடுபட்ட மணிகளின் மின்சாரம் முழுவதும் ஒரே மணியில் வந்து விழுவது. மீட்டர் கூட்டெண்ணைப் பதிவு செய்வதால் இடைவெளிக்குப் பின் ஒரு செயற்கை உச்சம் எழுகிறது. அந்தத் தொகையை விடுபட்ட மணிகளுக்குச் சமமாகப் பங்கிடுவது வழக்கம். நாங்கள் இடைவெளியையும் உச்சத்தையும் சேர்த்தே விலக்கினோம், ஏனென்றால் பங்கிட்ட எண்கள் அளந்தவை அல்ல. இரண்டாவது, ஒரே மதிப்பு 6 மணிக்கு மேல் கடைசித் தசமம் வரை மாறாமல் நிற்பது. மூன்றாவது, மின்வெட்டு நேரத்துச் சுழிகள். இரண்டு மணி வரையிலான இடைவெளிகளை நேர்கோட்டில் நிரப்பினோம், ஆனால் உள்ளீட்டுக்கு மட்டும். நிரப்பிய மணி எதுவும் பயிற்சியிலோ சோதனையிலோ இலக்காக வரவில்லை. சோதனை ஆண்டின் 1,05,408 கட்டட-மணிகளில் 1,02,611 பிழைக் கணக்கில் இடம்பெற்றன.

கணிப்புப் பணி

ஒவ்வொரு நாளும் காலை 10 மணிக்கு, மறுநாளின் 24 மணிகளுக்கும் ஒரே தடவையில் கணிப்பு வெளியாக வேண்டும். முன்னோக்குத் தூரம் 14 முதல் 37 மணி. இந்த ஒரு நிபந்தனை பல பழக்கமான உள்ளீடுகளைத் தடை செய்துவிடுகிறது. நேற்றைய இதே மணி என்ற 24 மணி லேகை எடுத்துக்கொள்வோம். மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு அந்த லேக் இன்று பிற்பகல் 3 மணி. காலை 10 மணிக்கு அது இன்னும் நிகழவே இல்லை. 24 மணிகளில் 14 மணிகளுக்கு இந்த உள்ளீடு எதிர்காலத்திலிருந்து வருகிறது. தரவு அட்டவணையை முழுதாக வைத்துக்கொண்டு நகர்த்தினால் நிரலில் எந்தப் பிழையும் எழாது, பயிற்சி நன்றாகவே ஓடும், கசிவு மட்டும் கண்ணில் படாது. கீழுள்ள வடிவில் அது தடுக்கப்பட்டது (விடுபட்ட மணிகளும் வரிசையில் இருக்கும்படி `asfreq` முதலில் வர வேண்டும், இல்லையென்றால் `shift` வரிசையை எண்ணுமே தவிர மணியை எண்ணாது):

```python
df = df.asfreq("h")
df["lag24"]  = df["kwh"].shift(24).where(df.index.hour < 10)
df["lag48"]  = df["kwh"].shift(48)
df["lag168"] = df["kwh"].shift(168)
```

மற்ற உள்ளீடுகள்: 336 மணி லேக், கணிப்பு நேரம் வரையிலான கடைசி 28 நாள் சராசரி, மணி, கிழமை, விடுமுறைக் குறி, விடுமுறைக்கு முன்னும் பின்னும் வரும் நாளின் குறி, 168 மணி லேக் விழும் நாள் விடுமுறையா என்ற குறி. கடைசிக் குறி சிறியது, பயன் பெரியது. அது இல்லாவிட்டால், விடுமுறை முடிந்து சரியாக ஒரு வாரம் கழித்து மாடல் காலியான கட்டடத்தைக் கணித்து வைக்கும்.

வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் அளந்த மதிப்பைத் தவிர்த்து, அன்று காலை 10 மணிக்கு முன் வெளியாகிச் சேமிக்கப்பட்டிருந்த வானிலை முன்னறிவிப்பையே பயன்படுத்தினோம்.

தரவுப் பிரிப்பு

பயிற்சி 2021–2022 (17,520 மணி), சரிபார்ப்பு 2023 (8,760 மணி), சோதனை 2024 (8,784 மணி). மூன்றும் முழு ஆண்டுகள். சோதனைக்குக் கடைசி இரண்டு மாதங்களை மட்டும் ஒதுக்கினால், கிடைக்கும் பிழை அந்தப் பருவத்தின் பிழை மட்டுமே. குளிரூட்டல் சுமை உச்சத்தில் இருக்கும் மாதங்கள் சோதிக்கப்படாமலே போகும். அளவுருத் தேர்வு முழுவதும் 2023இல் முடிந்தது. அதன்பின் மாடல்கள் 2021–2023 தரவில் மறுபடி பயிற்றுவிக்கப்பட்டு, 2024இல் ஒரே ஒரு முறை ஓட்டப்பட்டன. இயல்பாக்கத்துக்கான சராசரியும் திட்டவிலக்கமும் பயிற்சிப் பகுதியிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டன.

மாடல்கள்

அடிப்படை ஒப்பீடுகள் இரண்டு: போன வாரத்தின் இதே மணி; கடந்த நான்கு வாரங்களில் இதே கிழமையின் இதே மணிச் சராசரி. அடுத்து, ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாக 24 ரிட்ஜ் நேர்கோட்டு மாடல்கள், 12 கட்டடங்களுக்கும் பொதுவான ஒரு லைட்ஜிபிஎம், இரண்டு வாரச் சுமையை உள்வாங்கும் 64 அலகு எல்எஸ்டிஎம் (டிராப்அவுட் 0.2, ஐந்து வெவ்வேறு தொடக்க விதைகள்). லைட்ஜிபிஎம் அளவுருக்கள்:

```
objective=l1  learning_rate=0.05  num_leaves=63
min_child_samples=100  n_estimators=620
```

முடிவு மரங்கள் பயிற்சியில் கண்ட உச்சத்துக்கு மேல் கணிக்க இயலாதவை. அதனால் இலக்காகச் சுமையை நேரடியாக வைக்காமல், 28 நாள் சராசரியால் வகுத்த விகிதத்தை வைத்தோம். பெரிய கட்டடமும் சிறிய கட்டடமும் ஒரே மாடலில் அடங்கவும் இதுவே வழி செய்தது.

பிழை அளவைகள்

```
CV(RMSE) = 100 · sqrt( (1/n) Σ (ŷ − y)² ) / ȳ
NMBE     = 100 · Σ (ŷ − y) / (n · ȳ)
MASE     = MAE / MAE_lag168(train)
```

சிவிஆர்எம்எஸ்இ பெரிய தவறுகளைக் கடுமையாகத் தண்டிக்கும். உச்சச் சுமைக்குக் கட்டணம் உள்ள இடங்களில் அதுதான் பொருத்தம். என்எம்பிஇ நேர்க்குறியில் இருந்தால் மாடல் மிகையாகக் கணிக்கிறது என்று பொருள். மேஸ் அளவை, பயிற்சி ஆண்டுகளில் போன வார மதிப்பு செய்த சராசரிப் பிழையால் வகுக்கிறது. எளிதாகக் கணிக்கக்கூடிய கட்டடமும் கடினமான கட்டடமும் இதனால் ஒரே தராசில் நிற்கும். மேப் அளவையைத் தவிர்த்தோம். இரவில் 3 கிலோவாட்டுக்கு இறங்கும் கட்டடத்தில் 2 கிலோவாட் பிழை 67 சதவீதமாகி, யாருக்கும் தேவைப்படாத மணிகள் சராசரியை ஆளத் தொடங்கும். அளவைகள் கட்டடத்துக்குக் கட்டடம் கணக்கிடப்பட்டன; கீழே 12 கட்டடங்களின் இடைநிலை மதிப்புகள்.

முடிவுகள் (2024)

| மாடல் | சிவிஆர்எம்எஸ்இ % | என்எம்பிஇ % | மேஸ் |
|---|---|---|---|
| போன வாரத்தின் இதே மணி | 27.4 | +0.3 | 1.04 |
| நான்கு வாரச் சராசரி | 23.1 | +0.6 | 0.88 |
| ரிட்ஜ் | 19.8 | −1.1 | 0.77 |
| எல்எஸ்டிஎம் (5 விதைகளின் சராசரி) | 15.2 | +1.4 | 0.57 |
| லைட்ஜிபிஎம் | 14.6 | +1.2 | 0.55 |

வார அலகில் பிளாக் பூட்ஸ்ட்ராப் செய்தபோது, கடைசி இரண்டுக்கும் இடையிலான 0.6 புள்ளி வேறுபாட்டின் 95 சதவீத இடைவெளி −0.2 முதல் 1.3 வரை அமைந்தது. ஆகவே ஒன்று மற்றதைவிடச் சிறந்தது என்று இத்தரவை வைத்துக் கூற முடியாது. மணிவாரிப் பிழைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. தனி மணிகளாக மறுமாதிரி எடுத்தால் இந்த இடைவெளி பொய்யாகக் குறுகிவிடும்.

ஆஷ்ரே வழிகாட்டி 14 மணிவாரித் தரவுக்குத் தரும் வரம்பு சிவிஆர்எம்எஸ்இ 30 சதவீதம், என்எம்பிஇ ±10 சதவீதம். அந்த வரம்பு, அளந்த தரவோடு கட்டட ஆற்றல் மாடலைப் பொருத்திச் சரிபார்ப்பதற்காக ஏற்பட்டது. முன்கணிப்புக் கட்டுரைகள் அதைத் தேர்ச்சிக் கோடாகக் காட்டுவது பொருந்தாது: அட்டவணையின் முதல் வரிசையே, எதையும் கற்காமல், அதைத் தாண்டிவிடுகிறது.

பிரிப்பு முறையின் விளைவை லைட்ஜிபிஎம் ஒன்றில் மட்டும் சோதித்தோம். நான்கு ஆண்டு மணிகளையும் குலுக்கி 80:20 எனப் பிரித்தபோது சிவிஆர்எம்எஸ்இ 8.9 சதவீதம். சோதனை மணிக்கு முன்னும் பின்னும் உள்ள மணிகள் பயிற்சியில் இருப்பதால், மாடல் கணிப்பதற்குப் பதில் இடைவெளியை நிரப்புகிறது. கால வரிசையை மாற்றாமல் 24 மணி லேகை மட்டும் எல்லா மணிகளுக்கும் அனுமதித்தபோது 12.1. முன்னறிவிப்புக்குப் பதில் அளந்த வெப்பநிலையைக் கொடுத்தபோது 13.9.

எங்கே தவறுகிறது

விடுமுறை நாட்களில் லைட்ஜிபிஎம் பிழை 31.5 சதவீதம், பிற நாட்களில் 13.2. மூன்றாண்டுப் பயிற்சியில் விடுமுறைகள் சில டஜன் மட்டுமே, அவற்றிலும் எல்லாக் கட்டடங்களும் ஒன்றுபோல் மூடப்படுவதில்லை. ஆய்வகங்கள் இரண்டும் விடுமுறையிலும் ஏறக்குறைய முழுச் சுமையில் இயங்கின. அவற்றை அலுவலகங்களோடு ஒரே மாடலில் வைத்தபோது கட்டட வகைக் குறி கட்டாயமானது.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் 2024 மார்ச்சில் சில்லர் மாற்றப்பட்டு, பகல் சுமை குறைந்தது. அதன்பின் அந்தக் கட்டடத்தின் என்எம்பிஇ +11.3 சதவீதம். அட்டவணையில் உள்ள இடைநிலை மதிப்பு இதை முழுக்க மறைத்துவிடுகிறது. எனவே இடைநிலையோடு மிக மோசமான கட்டடத்தின் எண்ணையும் வெளியிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. 28 நாள் சராசரியால் வகுத்தது மட்ட வீழ்ச்சியை ஒரு மாதத்தில் ஈடுகட்டியது, ஆனால் பகல்-இரவு வடிவ மாற்றத்தை ஈடுகட்டவில்லை. மாதந்தோறும் மறுபயிற்சி செய்து, சில்லர் மாற்றத்துக்கு முந்தைய தரவுக்கு 0.3 எடை கொடுத்தபோது என்எம்பிஇ +3.2 சதவீதமாக இறங்கியது. இந்த எடை 2024 தரவைப் பார்த்தபின் தேர்ந்தது, அதனால் அட்டவணை எண்களில் அது சேர்க்கப்படவில்லை.

நாளின் உச்ச மணியைச் சரியாகவோ ஒரு மணி முன்பின்னாகவோ சுட்டியது 71 சதவீத நாட்களில். உச்சத்தின் அளவையோ சராசரியாக 6 சதவீதம் குறைத்தே கணித்தது. எல்1 இழப்பு இடைநிலையை நோக்கிக் கற்பதால் இது எதிர்பார்க்கத்தக்கதே. உச்சக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்துவோர் இதே உள்ளீடுகளில் 0.9 குவான்டைல் மாடலைத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும். சோதனை ஆண்டில் அந்த மாடலின் கோட்டுக்குக் கீழே 87.8 சதவீத மணிகள் அமைந்தன.

வரம்புகள்

12 கட்டடங்களும் ஒரே வளாகத்தில், ஒரே வானிலையில் உள்ளவை. 2021இன் முதல் மாதங்களில் கட்டடங்களின் பயன்பாடு வழக்கத்தைவிடக் குறைவு. அந்த ஆறு மாதங்களை நீக்கிப் பயிற்றுவித்தபோது சிவிஆர்எம்எஸ்இ 0.2 புள்ளிக்கு மேல் மாறவில்லை. கூரைச் சூரியத் தகடு உள்ள கட்டடங்கள் இத்தொகுப்பில் இல்லை. அங்கே நிகரச் சுமை சுழியை நெருங்கும், எதிர்க்குறியும் ஆகும். சராசரியால் வகுக்கும் சிவிஆர்எம்எஸ்இயும் நமது விகித இலக்கும் அங்கே செல்லாது.

திறவுச்சொற்கள்: மின்சுமை முன்கணிப்பு, மணிவாரித் தரவு, தரவுக் கசிவு, கால வரிசைப் பிரிப்பு, சிவிஆர்எம்எஸ்இ, லைட்ஜிபிஎம், எல்எஸ்டிஎம்