வேண்டுகோள்: செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, மாதம் அரை மணி நேரம்

கிருஷ்ணகிரி
21.07.2025

மதிப்பிற்குரிய முருகேசன் சாருக்கு,

வணக்கம். சீசனின் கடைசி லோடுகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன, உங்களுக்கு இப்போது ஓய்வு இருக்காது. இதற்கு உடனே பதில் வேண்டாம். ஆகஸ்ட் 20-க்குள் ஒரு வரி வந்தால் போதும்.

மாம்பழத்தைப் பார்த்து அதை எப்போது கூழாக்குவது என்று முடிவெடுப்பதில் நீங்கள் எனக்கு வழிகாட்டியாக இருக்க முடியுமா என்று கேட்கவே எழுதுகிறேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை, மதியம் 3.30-லிருந்து 4 மணி வரை. செப்டம்பர் 6, அக்டோபர் 4, நவம்பர் 1, டிசம்பர் 6 என்று மொத்தம் நான்கே முறை. டிசம்பரோடு முடிந்துவிடும், நீட்டிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

பிரிக்ஸ், பிஹெச், அமிலத்தன்மை எடுப்பதையும் ரிஃப்ராக்டோமீட்டர் அளவை 20 டிகிரிக்குத் திருத்துவதையும் லேபிலேயே பழகிக்கொள்ள முடிகிறது. அதற்கு உங்கள் நேரம் தேவையில்லை. 13.2 பிரிக்ஸ் கூழையும் 15.6 பிரிக்ஸ் கூழையும் கலந்து 14.5 ஆக்க 11-க்கு 13 என்ற விகிதம் என்று கணக்கே சொல்லிவிடும். ஆனால் அப்படிக் கலந்தால் புளிப்பும் நிறமும் கெட்டித்தன்மையும் எங்கே போய் நிற்கும், கலப்பதைவிட அந்தக் காயை இன்னும் ஒரு நாள் பழுக்க விடுவது மேலா என்பதைக் கணக்கு சொல்வதில்லை. ஜூன் மாதம் ஒரே காலையில் இறங்கிய இரண்டு பெங்களூரா லோடுகளில் போச்சம்பள்ளி லோடை மறுநாளே பல்பருக்கு அனுப்பினீர்கள், பர்கூர் லோடை நிறுத்திவைத்தீர்கள். தோல் நிறத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நிறுத்திய லோடு இறங்கிய அன்று 12.4, மூன்றாம் நாள் 14.8. இறங்கிய அன்றே அதை ஓட்டியிருந்தால் 14-க்குக் கீழே போய், கலந்து சரிக்கட்ட வேண்டியிருந்திருக்கும். நீங்கள் எதைப் பார்த்து நிறுத்தினீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.

ஒவ்வொரு சந்திப்புக்கும் முந்தைய வியாழக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் மூன்று கேள்விகள் அனுப்புவேன், மூன்றுக்கு மேல் போகாது. நீங்கள் முன்கூட்டியே எதையும் படித்து வைக்க வேண்டாம். இந்த சீசனின் 40 லாட்டுகளுக்கு இறங்கிய நாள், ஓட்டிய நாள், பிரிக்ஸ், அமிலம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அட்டவணையாக்கிக் கையில் கொண்டுவருவேன். பேசியதை நானே அரைப் பக்கம் எழுதித் தருகிறேன், தவறிருந்தால் மட்டும் திருத்தினால் போதும். அன்று கொய்யாக் கூழ் ஓடினாலோ உங்களுக்கு வேறு வேலை வந்தாலோ அந்த மாதத்தை விட்டுவிடலாம், வேறு நாள் கேட்க மாட்டேன். இடையில் போன் செய்யவும் மாட்டேன். டீ மட்டும் என் கணக்கில் இருக்கட்டும்.

ஒரு சங்கடம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் உற்பத்தி, நான் தரக்கட்டுப்பாடு. லேபில் முடிவு நிலுவையில் இருக்கும் லாட் பற்றிப் பேசினால் அது உங்களுக்கும் நல்லதல்ல, எனக்கும் நல்லதல்ல. அதனால் டிரம்மில் அடைத்து, முடிவு பதிவான லாட்டுகளைப் பற்றி மட்டுமே கேட்பேன். எங்கள் மேலாளரிடம் இதைச் சொல்லிவிட்டேன், அவருக்கு ஆட்சேபம் இல்லை. சம்பள உயர்வுக்கோ பதவிக்கோ உங்கள் சிபாரிசு கேட்கும் எண்ணமும் இல்லை.

நான்கு முறை அதிகம் என்றால் செப்டம்பர் 6 மட்டும் போதும். அதுவும் சிரமம் என்றால், அடுத்த மே மாதம் லோடு பிரிக்கும்போது ஒரு காலை உங்கள் பின்னால் பேசாமல் நின்று பார்க்க அனுமதித்தாலே எனக்கு நிறையக் கிடைக்கும்.

எதுவும் தோதுப்படாவிட்டால் ‘இப்போது வேண்டாம்’ என்று மட்டும் எழுதுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 20-ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன். கேன்டீனில் பார்க்கும்போது ஞாபகப்படுத்த மாட்டேன், வழக்கம்போல வணக்கம் மட்டும்தான்.

இப்படிக்கு,
கலையரசி
தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, இரண்டாம் ஷிப்ட்