ஒரு பருத்திச் சேலைக்குப் பின்னால் எத்தனை கைகள்

எங்கள் நெசவாளர் சங்கத்துக் கடைக்கு வருகிறவர்கள் சேலையை விரித்துப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இதை நெய்ய எத்தனை நாள் ஆகும்?" என்பதுதான். வெறும் கரை என்றால் இரண்டு நாள், கரையில் வேலைப்பாடு இருந்தால் மூன்று நாள் என்று சொல்கிறோம். தறியில் உட்கார்ந்து நெய்கிற நேரம் அது. அதற்கு முன்னால் நடக்கும் வேலைகளும், அவற்றைச் செய்கிறவர்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதனால் அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் உறுப்பினர்கள் நெய்யும் 80-ஆம் நம்பர் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு, நூல் வந்து இறங்குவதிலிருந்து சொல்கிறோம்.

கைத்தறிக்கு நூல் சிட்டமாக வரும். ஒரு சிட்டம் 840 கெஜம். அப்படி 80 சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்றால் அந்த நூல் 80-ஆம் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெலிசு. சாயப்பட்டறையில் சிட்டங்களைக் கம்பில் கோத்து, சூடான சாயத் தொட்டியில் முக்கி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று புரட்டுவார்கள். கை நின்றால் சாயம் திட்டுத் திட்டாக ஏறிவிடும் என்பதால் ஆவி முகத்தில் அடித்தாலும் விலக மாட்டார்கள்.

அடுத்து பாவு. சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. குறுக்கே போவது ஊடை. எங்கள் சேலை 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 72 இழை. பெருக்கினால் 3,456 இழை. உடலுக்கு இத்தனை, கரைக்கு இத்தனை என்று நிறம் பிரித்து, எட்டு சேலைக்கான நீளத்தில் பாவு ஓட்டுவோம். இங்கே எண்ணிக்கை பிசகினால் எட்டு சேலையிலும் கரை பிசகும்.

பருத்தி நூலை அப்படியே தறியில் ஏற்றினால் தாங்காது, பஞ்சு பிரிந்து அறுந்துகொண்டே இருக்கும். அதற்குத்தான் கஞ்சி. விடிவதற்கு முன்பே பாவு நீட்டுவதற்கென்று இருக்கும் பாவடியில் பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சியில் கொஞ்சம் எண்ணெய் கலந்து தடவி, பாவாற்றி என்ற நீளத் தூரிகையால் ஒரே திசையில் இழுத்து இழுத்து ஆற்றுவார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பதும் திரும்புவதுமாக, ஒவ்வொரு இழையும் தனித்தனியாகக் காயும்வரை இந்த நடை நிற்காது. வெயில் ஏறிவிட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை முறுகிவிடும். மழை வந்தால் அன்றைய வேலை போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் வானத்தைப் பார்த்தபடிதான் எங்கள் தெரு எழுந்திருக்கும்.

அப்புறம் வருவதுதான் எங்களைப் பொறுத்தவரை மிகப் பொறுமையான வேலை: பிணைத்தல். பழைய பாவு முடியும்போது அதன் கடைசித் துண்டை, தறியில் இழைகள் கோத்திருக்கும் அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டு வைப்போம். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று, ஒரு சின்ன உருட்டல், முடிந்தது. அடுத்தது. இப்படி 3,456 தடவை. எங்கள் ஊரில் இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெலிசு நூலில் இழையை மாற்றி எடுக்காமல் எப்படிச் செய்கிறீர்கள் என்று ஓர் அக்காவிடம் கேட்டோம். "கண்ணை நம்பினா வேலை ஓடாது. ரெண்டு இழை சேர்ந்து வந்தா விரலுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். சம்மணமிட்டு நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை. எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்கள்.

ஊடை நூலைச் சிறு குழல்களில் சுற்ற வேண்டும், அதுதான் தார். ராட்டையில் சுற்றிய சிறு தார்களை ஈரமாக வைத்திருந்து, ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவில் போடுவார்கள்; ஈர நூல் நெருங்கி உட்காரும். சமையலுக்கு நடுவிலும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகும், வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் இருக்கும்போதும் ராட்டை ஓடிக்கொண்டே இருக்கும். தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும்.

இப்போது தறி. எங்களிடம் இருப்பது குழித்தறி. நெய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். மண்ணின் ஈரம் பாவுக்கு நல்லது, வறண்ட நூல் சீக்கிரம் அறும். ஆனால் அடைமழையில் அதே குழிக்குள் தண்ணீர் ஊறி நாள்கணக்கில் தறி நிற்பதும் உண்டு. மிதியை மிதித்ததும் பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும். வலது கை கயிற்றை இழுக்க, நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும். இடது கை பலகையை இழுத்து ஊடையைத் தட்டி நெருக்கும். மறு மிதி, மறு இழுப்பு, மறு தட்டு. அங்குலத்துக்கு 64 ஊடை. ரவிக்கைத் துணியோடு 6.2 மீட்டர் சேலைக்கு நாடா பதினைந்தாயிரம் தடவைக்கு மேல் ஓட வேண்டும். ஒவ்வொரு தட்டும் ஒரே பலத்தில் விழ வேண்டும். நடுவில் இழை அறுந்தால் நிறுத்தி, அறுந்ததைத் தேடி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஓட்ட முடியும். கரையில் பூ வேண்டுமென்றால் தறிக்கு மேலே பூவுக்கான இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு கருவி, அதற்குத் துளை அட்டை வெட்டுவது தனி ஆள் வேலை. முந்தி வரும்போது ஊடையின் நிறம் மாறும்.

பாவையும் ஊடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு சேலைக்குள் இருக்கும் நூல் சுமார் 40 கிலோமீட்டர் நீளம். அந்த நீளம் முழுவதும் யாரோ ஒருவரின் விரல் வழியாகப் போயிருக்கிறது.

கூலி ஆனால் சேலைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது, நெய்தவர் பெயரில். தார் சுற்றியவருக்கும், சொந்த வீட்டுத் தறிக்குப் பிணைத்துக் கொடுத்தவருக்கும் தனிக் கூலி கிடையாது. ஒரு கூலியைத்தான் குடும்பம் முழுதும் சேர்ந்து சம்பாதிக்கிறது. 2019-20-இல் நடந்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் பதிவானார்கள், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். எங்கள் ஊரில் "நெசவாளி" என்றதும் தறியில் இருக்கும் அண்ணாச்சியைத்தான் கைகாட்டுவார்கள். இது மாற வேண்டும் என்று சங்கத்தில் பேசி முடிவெடுத்தோம். இந்த மாதத்திலிருந்து சேலையோடு வரும் சீட்டில் நெய்தவர் பெயருடன், பிணைத்தவர், தார் சுற்றியவர் பெயர்களும் இருக்கும். கூலியைப் பிரித்துக் கொடுப்பது பற்றி அடுத்த பொதுக்குழுவில் பேசப் போகிறோம்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். துணியில் எங்காவது ஒரு கோடு லேசாக நெருக்கமாகத் தெரிந்தால் அது பழுது இல்லை. நெய்கிறவர் சாப்பிடப் போய்விட்டு வந்து மறுபடி தட்டிய இடமாக இருக்கலாம். இன்னொன்று, கைத்தறிக்கென்று 1985-ஆம் ஆண்டின் ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒதுக்கிய ரகங்களைக்கூட விசைத்தறியில் ஓட்டி, கைத்தறி என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று எங்கே வாங்கினாலும் கேளுங்கள், எங்களிடமும் கேளுங்கள்.

முதல் சில துவைப்புகளுக்குச் சேலையைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கஞ்சி போய்த் துணி மெதுவாகும், விறைப்பு வேண்டுமென்றால் வீட்டில் கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

தறியைப் பார்க்க விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் முந்தின நாளே சொல்லிவிட்டு வாருங்கள். கஞ்சி போடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்குள் பாவடிக்கு வந்துவிட வேண்டும். தறி இருப்பது வீட்டுக்குள், அதனால் படம் எடுப்பதற்கு முன் வீட்டாரிடம் கேளுங்கள். தறிமேல் போட்டிருக்கும் பாவைத் தொட வேண்டாம். நேரடியாகத் தறிக்காரரிடம் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டாம். விலையைச் சங்கம்தான் வைக்கிறது, அதில் நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்ற கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவோம்.