பத்து வயது நிறையும் எங்கள் மகளுக்கு

அன்பு மகளே,

இன்று உனக்குப் பத்து வயது நிறைகிறது. உன் மதிப்பெண்களைப் பற்றி இதில் நாங்கள் எழுதப்போவதில்லை. அவை பள்ளி அறிக்கையில் இருக்கின்றன, அது போதும்.

சென்ற மாதம் தாத்தாவின் மூக்குக்கண்ணாடி உடைந்தபோது, யாரும் பார்க்காத நிலையிலும் நீயே அவரிடம் சென்று, "நான்தான் தாத்தா உடைத்தேன்" என்று நடுங்கிய குரலில் சொன்னாய். உன் கை அம்மாவின் கையைத் தேடியது. ஆனாலும் சொல்ல வந்ததை முழுவதுமாகச் சொல்லி முடித்தாய். அன்றிரவு நாங்கள் இருவரும் வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

திக்கிப் பேசுவதால் வகுப்பில் தனியே அமர்ந்திருந்த புதிய தோழியின் அருகில் நீ போய் அமர்ந்ததையும், அவள் ஒவ்வொரு சொல்லையும் முடிக்கும் வரை குறுக்கிடாமல் காத்திருப்பதையும் அவளுடைய தாயார் கண்கலங்க எங்களிடம் கூறினார். அந்தப் பொறுமையை நாங்கள் உனக்குக் கற்றுக்கொடுத்ததாக நினைவில்லை. உன்னிடமிருந்துதான் நாங்கள் அதைக் கற்றுவருகிறோம். தம்பியிடம் கோபித்துக் கதவைச் சாத்திக்கொண்டாலும், சற்று நேரத்தில் நீயே திறந்து வந்து அவனை விளையாட அழைக்கிறாயே, அதுவும் எங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

பிறந்தநாள் வாழ்த்துகள், கண்ணே. இத்துடன் உள்ள நாட்குறிப்பேடு உனக்கானது. நீயாகக் காட்டும் வரை அதை நாங்கள் திறந்து பார்க்க மாட்டோம்.

என்றும் அன்புடன்,
அம்மா, அப்பா