வேலந்தாவளம் ரோடு மனைகள்: எது தயார், எது தயார் இல்லை

பதிவு 1

கொழிஞ்சாம்பாறை பக்கம், வேலந்தாவளம் ரோட்டில் மொத்தம் 14 மனை. விற்பனைக்கு 11 மட்டுமே: 1 முதல் 10 வரையும், 14-ம். இந்த 11-க்கும் பஞ்சாயத்து டெவலப்மென்ட் பெர்மிட்டும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான கேரள ரெராவின் பதிவும் இருக்கின்றன. ரெரா எண் படத்தின் மேல் மூலையில் இருக்கிறது. rera.kerala.gov.in-ல் அதைப் போட்டு, வரும் மனை எண்களும் எங்கள் வரைபடமும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்று இல்லையென்றால் எங்களிடம் வாங்க வேண்டாம்.

சென்ட் 2,25,000 ரூபாய். 5 சென்ட் மனை 11,25,000. முத்திரைத்தாள் 8, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்குப் பத்து: இன்னும் 1,12,500. ஆதாரம், அதாவது பத்திரம், எழுதுபவர் கூலி தனி. பத்திரத்தில் சென்ட் என்று தேடாதீர்கள், 'ஆர்' கணக்கில்தான் இருக்கும். 5 சென்ட் ஏறக்குறைய 2.02 ஆர்.

உள் ரோடு ஜல்லி போட்டு உருட்டியதோடு நிற்கிறது, தார் இல்லை. வெயில் காலத்தில் இந்தப் பக்கம் தண்ணீர் எப்படி என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். போர் போட்டால் தண்ணீர் வரும் என்று நாங்கள் எழுதித் தரமாட்டோம். போர் போடும் முன் நிலத்தடி நீர்த்துறையில் அனுமதி கேளுங்கள்.

பதிவு 2

"11, 12, 13 ஏன் காட்டமாட்டேங்கறீங்க?" நிறைய பேர் கேட்கிறீர்கள்.

அந்த மூன்றும் சேர்ந்த 18 சென்ட், நெல்வயல்களின் அரசுப் பட்டியலான டேட்டா பேங்கில் இல்லை. ஆனால் வில்லேஜ் ஆபீஸின் நிலப் பதிவேடான பி.டி.ஆர்-இல் இன்னமும் 'நிலம்', அதாவது நெல்வயல், என்றே கிடக்கிறது, வீடு கட்டக்கூடிய 'புரையிடம்' ஆகவில்லை. நேரில் பார்த்தால் தென்னை நிற்கும் மேட்டு நிலம்தான். ஆனால் வீடு கட்ட பெர்மிட் கேட்கும்போது பஞ்சாயத்து தென்னையைப் பார்ப்பதில்லை, நிலவரிக்கான கரம் ரசீதில் இருக்கும் அந்த ஒரு வார்த்தையைத்தான் பார்க்கும்.

2008 நெல்வயல் சட்டப்படி இந்த வகையை மாற்ற ஃபாரம் 6 போட்டிருக்கிறோம். (டேட்டா பேங்கிலேயே இருந்தால் முதலில் ஃபாரம் 5 போட்டு அதிலிருந்து நீக்க வேண்டும். அது வேறு வேலை.) 25 சென்டுக்குள் என்றால் கட்டணமே இல்லை என்று புரோக்கர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். 2017 டிசம்பர் 30-க்குப் பிறகு பெரிய நிலத்திலிருந்து வெட்டிய துண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. எங்களுடையது 2021-ல் பிரித்தது, கட்டணம் உண்டு. அதை நாங்கள்தான் கட்டுவோம்.

உத்தரவு வந்து, வில்லேஜ் ஆபீஸில் வகை மாறி, புதுக் கரம் ரசீது கைக்கு வந்து, இந்த மூன்றும் ரெராவில் சேர்ந்த பிறகே விலை சொல்வோம். அதுவரை முன்பணமும் இல்லை, 'பேருக்கு ஒரு ஐயாயிரம்' என்று டோக்கனும் இல்லை. எப்போது வரும் என்று தேதி சொல்ல எங்களால் முடியாது.

பதிவு 3

பொள்ளாச்சி, கோயம்புத்தூரிலிருந்து கூப்பிடுபவர்களின் முதல் கேள்வி: "டிடிசிபி அப்ரூவல் இருக்கா? பட்டா எப்ப வரும்?"

இரண்டும் வராது. டிடிசிபி தமிழ்நாட்டு ஏற்பாடு. இந்த மண் சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம். நாம் பேசுவது தமிழ் என்பதற்காகச் சட்டமும் எல்லை தாண்டி வராது. பட்டாவின் இடத்தில் இங்கே போக்குவரவு: பத்திரம் முடிந்ததும் வில்லேஜ் ஆபீஸில் உங்கள் பெயருக்குத் தண்டப்பேர் எண் விழும், அந்த எண்ணில் கரம் கட்டுவீர்கள். பத்திரம் போட்டு இதை விட்டுவிட்டால் நிலம் இன்னமும் பழைய ஆள் பெயரில்தான் நிற்கும், பேங்க் லோன் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

மனை பார்க்க வரும்போது இவற்றின் நகல் தருகிறோம்: ஆதாரம், முன் ஆதாரம், 30 வருட வில்லங்கச் சான்று, கைவசச் சான்று, இந்த வருடக் கரம் ரசீது, லொக்கேஷன் ஸ்கெட்ச், டெவலப்மென்ட் பெர்மிட். எல்லாம் மலையாளத்தில் இருக்கும். நாங்கள் தரும் தமிழ்க் குறிப்பு புரிந்துகொள்ள மட்டும்தான், கோர்ட்டில் நிற்பது மலையாளம். உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள், எங்கள் வக்கீலிடம் அல்ல. கரம் ரசீது ஒன்றை மட்டும் வைத்து உரிமை முடிவு செய்யாதீர்கள், வரி கட்டினதால் நிலம் சொந்தமாகிவிடாது.

பதிவு 4

முன்பணம் பற்றி. ரெரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 5 சென்டுக்கு அது 1,12,500 ரூபாய். அதற்கு மேல் யாராவது எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டால் தராதீர்கள், உடனே எங்களுக்குச் சொல்லுங்கள். பணம் திட்டக் கணக்குக்கு பேங்க் வழியாக மட்டும். ரொக்கம் வேண்டாம். வாங்கும் பணத்தில் நூற்றுக்கு எழுபது தனிக் கணக்கில் நிற்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

இன்றைய நிலை: 3, 7, 8 ஒப்பந்தம் ஆகிவிட்டன. மிச்சம் எட்டு மனை. ஞாயிறு காலை 9 முதல் 12 வரை அளவுக் கல் அருகே ஆள் இருப்பார், டேப்பும் இருக்கும். நான்கு பக்கமும் நீங்களே அளந்து பார்க்கலாம்.