இடர் பதிவேடு: கடலூர் மருத்துவமனை, புதிய அறுவை சிகிச்சைக் கட்டடம்

மதிப்பீடு = வாய்ப்பு × பாதிப்பு (ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை)

இடர் 1: அடித்தளக் குழியில் வெள்ளம்
காரணம்: அக்டோபர்–டிசம்பர் வடகிழக்குப் பருவமழை; கெடிலம் கரைக்கு அருகில் தாழ்வான மனை; நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது.
விளைவு: குழிச்சுவர் சரியலாம், கம்பி கட்டிய ராஃப்ட் அடித்தளம் சேற்றில் மூழ்கலாம். 2011 தானே புயல், 2015 வெள்ளம் இரண்டையும் பார்த்த ஊர் இது. 'இந்த வருஷம் மழை குறைவு' என்ற பேச்சை நம்பி மதிப்பீட்டைக் குறைக்க வேண்டாம்.
மதிப்பீடு: 4 × 5 = 20, மிக அதிகம்
நடவடிக்கை: ராஃப்ட் கான்கிரீட் செப்டம்பருக்குள் முடியணும். ஜெனரேட்டரும் மின்பலகையும் முதல் தளத்துக்கு மாற்றம்.
பொறுப்பு: திட்ட மேலாளர்

இடர் 2: கம்பி துருப்பிடித்தல்
காரணம்: உப்புக்காற்று, திறந்தவெளியில் அடுக்கிய கம்பி.
விளைவு: பின்னாளில் கான்கிரீட் வெடிப்பு.
மதிப்பீடு: 4 × 3 = 12
பொறுப்பு: தள பொறியாளர்

இடர் 3: பழைய வார்டுக்குள் தூசி
காரணம்: ஒட்டியே இடிப்பு வேலை.
விளைவு: நோயாளிகளுக்குப் பூஞ்சைத் தொற்று.
மதிப்பீடு: 3 × 5 = 15
நடவடிக்கை: தடுப்புத் திரை, தண்ணீர் தெளிப்பு.
பொறுப்பு: தொற்றுத் தடுப்பு செவிலியர், வேலையை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கே.