நடப்பு வாடிக்கையாளர்: எல்லா அறிக்கைகளுக்குமான ஒரே வரையறை

பதிப்பு 1.0. நடைமுறைக்கு வரும் நாள்: 1 மே 2025. கும்பகோணம் தலைமைக் கடை, பாபநாசம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி ஆகிய நான்கு உர, விதை, பூச்சிமருந்துக் கடைகளுக்கும் பொருந்தும். கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு, தரவுப் பிரிவு, நான்கு கிளை மேலாளர்கள் ஆகியோர் கையெழுத்திட்டு ஏற்றது.

ஏன் எழுத வேண்டியிருந்தது

31 மார்ச் 2025 அன்று மூன்று அறிக்கைகள் தானாகவே வெளியாயின. தினசரி வாட்ஸ்அப் சுருக்கம் 2,316 ஆக்டிவ் கஸ்டமர் என்றது. மாதாந்திரக் கிளை அறிக்கை 9,870 என்றது. குறுஞ்செய்திப் பட்டியலின் எண்ணிக்கை 14,204. மூன்றிலும் கணக்குப் பிழை இல்லை. முதலாவது கடந்த 90 நாளில் பில் போட்டவர்களையும், இரண்டாவது மூடப்படாத பேரேடுகளையும், மூன்றாவது கைபேசி எண்களையும் எண்ணின. எண்ணிய பொருள் மூன்று, தலைப்பு மட்டும் ஒன்று.

வரையறை

கணக்கு நாளோடு முடியும் 425 நாட்களுக்குள், நான்கு கடைகளில் எதிலாவது, தன் பெயரிலுள்ள சாகுபடிக் கணக்கில் ஒரு முறையாவது பொருள் வாங்கி, அதே 425 நாட்களில் திருப்பியவை போக நிகரமாக 250 ரூபாய்க்குக் குறையாமல் பில் ஆகியுள்ள விவசாயி நடப்பு வாடிக்கையாளர் ஆவார்.

அறிக்கைகளில் இந்தப் பெயர் மட்டுமே வரும். பேச்சில் ஆக்டிவ் கஸ்டமர் என்று சொல்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் எந்த அறிக்கையின் தலைப்பிலும் அந்தச் சொல்லை வேறு எண்ணுக்கு வைக்கக்கூடாது.

425 நாள் ஏன்

இந்த விதியில்தான் அதிகம் வாதம் நடந்தது. அதனால் காரணத்தை முழுதாகப் பதிவு செய்கிறோம்.

90 நாள் என்பது மளிகைக் கடைக்குச் சரி. டெல்டாவில் கடைக்கு வரும் நாளைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. கும்பகோணம், பாபநாசம் பக்கம் பம்புசெட் வைத்திருப்பவர் மே மாதமே குறுவைக்கு நாற்றங்கால் விடுகிறார். பின்பு தாளடி, தை மாசியில் உளுந்து என்று ஆண்டு முழுக்க வருகிறார். திருத்துறைப்பூண்டி கடைமடையில் ஒரே சம்பா, அதுவும் நேரடி விதைப்பு. அங்குள்ளவர் ஆவணியில் வந்து, மேலுரத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து, அத்தோடு அடுத்த ஆவணி வரை வரமாட்டார். 90 நாள் கணக்கில் ஏப்ரல் முதல் ஜூலை வரை அந்தக் கிளையே செத்துக் கிடப்பதுபோலத் தெரியும். அதைப் பார்த்துக் கிளை மேலாளரைக் கேள்வி கேட்பது வீண்.

365 நாள் போதும் என்ற வாதமும் வந்தது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2023இல் அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28இல்தான் திறந்தது. இடைவெளி 412 நாள். ஆற்றுத் தண்ணீரை நம்பி, அணை திறக்கும்போது விதை நெல் மட்டும் வாங்குகிறவர் 2023 ஜூனில் வாங்கி 2024 ஜூலைக் கடைசியில் மறுபடி வந்திருந்தால், 365 நாள் விதி அவரை ஒன்றரை மாதம் இழந்தவராகக் காட்டியிருக்கும். அந்தக் காலத்தில் ‘திரும்பி வாருங்கள்’ என்று செய்தியும் போயிருக்கும். அணையே இன்னும் திறக்காத நேரத்தில் அது வேடிக்கையாகத்தான் இருக்கும். 365 உடன் 60 நாள் சேர்த்தால் 425. அழகான எண் இல்லை, ஆனால் இந்தப் பூமிக்குப் பொருந்துகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. உண்மையிலேயே வேறு கடைக்குப் போய்விட்டவரும் 14 மாதம் வரை பட்டியலில் இருப்பார். அவரைச் சீக்கிரம் கண்டுபிடிக்க இந்த எண் உதவாது. அதற்கு வேறு அளவை கீழே இருக்கிறது.

250 ரூபாய் ஏன்

45 கிலோ யூரியா மூட்டை ஒன்று 266.50 ரூபாய். ஒரு மூட்டை வாங்கியவரும் விவசாயிதான், அவர் விடுபடக்கூடாது. எலி மருந்துப் பொட்டலமும் சணல் கயிறும் மட்டும் வாங்கியவர் சேரக்கூடாது. வரம்பு அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தொகை என்பது தள்ளுபடி கழித்து, ஜிஎஸ்டி சேர்த்து, விவசாயி கொடுக்கும் தொகை. யூரியா விலை மாறினால் வரம்பு தானாக மாறாது. புதிய பதிப்பு எழுதியே மாற்ற வேண்டும்.

யார் ஒரு வாடிக்கையாளர்

எண்ணப்படுவது சாகுபடிக் கணக்கு. பெயர், ஊர், கைபேசி எண் மூன்றும் சேர்ந்தது அது. பட்டா யார் பெயரில் என்று பார்ப்பதில்லை. குத்தகைக்குப் பயிர் வைப்பவர் வாங்கினால் அவரே வாடிக்கையாளர், நிலத்துக்காரர் அல்ல. பண்ணையாள் வந்து மூட்டையைத் தூக்கிப் போனாலும் பில் பண்ணை நடத்துபவர் கணக்கில் ஏற வேண்டும்.

அப்பாவும் மகனும் ஒரே கைபேசி எண் கொடுப்பது சாதாரணம். எண் ஒன்றாக இருப்பதால் மட்டும் கணினி இரண்டையும் ஒட்டக்கூடாது. ஒரே எண், ஒரே ஊர் என்று வரும் ஜோடிகளை மாதம் ஒருமுறை பட்டியலிட்டுக் கிளைக்கு அனுப்ப வேண்டும். கவுன்டரில் ஒரே கேள்வி போதும்: “சாகுபடி தனித்தனியா, சேர்ந்தா?” தனி என்றால் இரண்டு கணக்கு. சேர்ந்தது என்றால் ஒன்றை மூலக் கணக்காக்கி மற்றதை அதனுடன் இணைக்க வேண்டும், பழைய பில்களும் மூலக் கணக்குக்கே போகும். பெரியவர் காலமாகி மகன் அதே நிலத்தைத் தொடர்ந்தால் பெயரை மட்டும் மாற்ற வேண்டும், புதுக் கணக்கு திறக்க வேண்டாம்.

மானிய உரத்துக்கான பிஓஎஸ் கருவியில் ஆதார் சரிபார்ப்பு நடக்கிறது. அந்த எண்ணை நம் கணக்குக்கு அடையாளமாக எடுக்கக்கூடாது, எங்கும் சேமிக்கவும் கூடாது.

எண்ணாதவை: நம்மிடம் வாங்கி விற்கும் சிறு கடைகள், கிளைகளுக்கிடையே சரக்கு மாற்றம், ஊழியர் கணக்கு, இலவச மாதிரிக்குப் போட்ட பூஜ்ய பில், ரத்தான பில், மதிப்பீட்டுச் சீட்டு. கடன் பில் போட்ட நாளிலேயே சேரும், பணம் வரக் காத்திருக்க வேண்டாம். அறுவடை முடிந்து வந்து பழைய பாக்கியைக் கட்டிவிட்டுப் போனால் அது வாங்கியதாகாது. வசூல் பார்க்கிறவர்களுக்கு இது உறுத்தும். ஆனால் பாக்கிதாரர் பட்டியல் தனியாக இருக்கிறது, அங்கே அவர் இருப்பார்.

‘ரொக்கம்’ என்ற பொதுப் பேரேட்டில் ஏறும் பில்லுக்கு ஆள் இல்லை, எண்ண முடியாது. கூட்டம் நெரியும் நாளில் கவுன்டரில் பெயர் கேட்காமல் ரொக்கத்தில் போட்டுவிடுவார்கள். அல்லது 9999999999 என்று தட்டிவிடுவார்கள். விளைவு, விற்பனை ஏறும், நடப்பு எண்ணிக்கை இறங்கும். எனவே இந்த இரண்டு வகைப் பில்களும் சேர்ந்து ஒரு கிளையின் மாதப் பில்களில் 15 சதவீதத்தைத் தாண்டினால், அந்தக் கிளையின் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி தானாக வர வேண்டும்.

கணக்கு நாள்

அறிக்கை எத்தனை மணிக்கு ஓடினாலும் கணக்கு நாள் என்பது இந்திய நேரப்படி முந்தைய நாள். சர்வர் யுடிசி நேரத்தில் இருக்கிறது. இரவு 2 மணிக்கு ஓடும் வேலைக்கு `CURRENT_DATE` கொடுப்பது நேற்றைய தேதி, காலை 7 மணிக்கு ஓடுவதற்கு இன்றைய தேதி. இரண்டு அறிக்கையும் தேதியிலிருந்து ஒரு நாள் கழித்ததால்தான் அவை ஒரு நாள் விலகி நின்றன. இனி தேதியை அறிக்கையே கணக்கிடக்கூடாது, வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

பில் தேதிதான் கணக்கு, சர்வரில் ஏறிய தேதி அல்ல. இணையம் போனால் கிளைப் பில்கள் இரண்டு மூன்று நாள் தாமதமாக ஏறும். எனவே தினசரி எண் தற்காலிகமானது. மாத எண் அடுத்த மாதம் 4ஆம் தேதி எடுக்கப்படும், பின் திருத்தப்படாது.

ஒரே இடத்தில் ஒரே கணக்கு

எல்லா அறிக்கையும் கீழ்க்கண்டதையே அழைக்கும். அறிக்கைக்குள் விதியை மறுபடி எழுதுவது, எக்செல்லில் வடிகட்டி எண்ணுவது இரண்டும் இனி கிடையாது.

```sql
CREATE FUNCTION active_customers(as_of date)
RETURNS TABLE (customer_id int, last_bill date) AS $$
  SELECT c.master_id,
         MAX(b.bill_date) FILTER (WHERE b.net_amount > 0)
  FROM bills b JOIN customers c ON c.id = b.customer_id
  WHERE b.bill_date > as_of - 425
    AND b.bill_date <= as_of
    AND b.status = 'FINAL'
    AND b.bill_type IN ('SALE', 'RETURN')
    AND c.kind = 'FARMER'
  GROUP BY c.master_id
  HAVING SUM(b.net_amount) >= 250
$$ LANGUAGE sql STABLE;
```

`RETURN` வரிகளின் தொகை குறை எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. `c.id` வைத்து எண்ணினால் இணைத்த கணக்குகள் மறுபடி இரண்டாகிவிடும், `master_id` அவசியம். ரொக்கப் பேரேட்டின் `kind` மதிப்பு `CASH`, அதனால் அது தானாகவே விலகும்.

சோதனைக்குக் கணக்கு நாள் 31 மார்ச் 2025 என்று கொடுத்தால் 1 பிப்ரவரி 2024 முதலான பில்கள் வர வேண்டும். 5 பிப்ரவரி 2024இல் 900 ரூபாய்க்கு உளுந்து விதை வாங்கியவர் உள்ளே. 30 ஜனவரி 2024இல் வாங்கி அதன்பின் வராதவர் வெளியே. ஆகஸ்டில் 1,200 ரூபாய்க்கு விதை நெல் வாங்கி, வேறு பில் இல்லாமல், அதே வாரம் முழுவதும் திருப்பியவர் வெளியே. பிப்ரவரி 2025இல் பாக்கி மட்டும் கட்டியவர் வெளியே. மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டியிலும் வாங்கியவர் ஒருவர்தான்.

கடைசி வகையால் கிளை எண்களின் கூட்டல் மொத்தத்தைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே வரும். மார்ச் இறுதிக்குக் கூட்டல் 7,318, மொத்தம் 6,941. அது பிழையல்ல. மொத்தத்தைக் கிளைகளைக் கூட்டி எடுக்கக்கூடாது.

பழைய எண்கள்

அவற்றுக்கும் உபயோகம் உண்டு, பெயர்தான் மாறுகிறது: ‘90 நாளில் வாங்கியவர்’, ‘திறந்த பேரேடு’, ‘தொடர்பு எண்கள்’. விலகிப் போகிறவரை முன்கூட்டியே பிடிக்க ‘சென்ற ஆண்டு இதே மாதம் வாங்கி, இந்த ஆண்டு இன்னும் வராதவர்’ என்ற பட்டியல் களப்பணியாளர்களுக்கு வாராவாரம் போகும். அணை தாமதமாகத் திறக்கும் ஆண்டில் அந்தப் பட்டியல் ஊதிப்போகும் என்பதை அதன் மேலேயே அச்சிட வேண்டும்.

மே மாத அறிக்கையில் எண் திடீரென விழுந்ததாக யாரும் பதறாமலிருக்க, 9,870 எப்படி 6,941 ஆனது என்ற கணக்கு அதில் இடம்பெறும். 425 நாளில் வாங்காதவர் 1,902, இணைக்கப்பட்ட இரட்டைக் கணக்குகள் 641, சிறு கடைகளும் ஊழியரும் 118, 250 ரூபாய்க்குக் கீழ் 268. மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் பழைய எண் புதியதன் கீழே சிறிய எழுத்தில் வரும். ஆகஸ்ட் முதல் வராது.

வரையறையின் பொறுப்பு கணக்குப் பிரிவுத் தலைவருக்கு, `active_customers` தரவுப் பிரிவுக்கு. மாற்றம் கேட்பவர் மார்ச் 15க்குள் எழுத்தில் தர வேண்டும், மாற்றம் நிதியாண்டின் முதல் நாளில்தான் நடைமுறைக்கு வரும். அப்போது முந்தைய 24 மாத எண்களும் புதிய விதிப்படி மறுபடி எடுக்கப்படும். ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் `நடப்பு வாடிக்கையாளர் 1.0` என்று பதிப்பு எண் அச்சாகும். அது இல்லாத எண்ணைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதில்லை.