டீச்சரோட கடலைக் கணக்கு

மும்பை செம்பூர்ல எங்க பில்டிங் மூணாவது மாடில இருக்காங்க டீச்சர். பேர் சொல்லி யாரும் கூப்பிடறதில்ல, கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, இப்பவும் எல்லாருக்கும் டீச்சர்தான். சாயங்காலம் டீயோட முறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா, நேந்திரங்கா சிப்ஸ்னு மாட்டுங்கா மார்க்கெட்லேர்ந்து வாங்கினது ஏதாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கும். ஸ்கூல்ல இருந்தவரைக்கும் அந்த டப்பா ஸ்டாஃப் ரூம்ல நாலு கை மாறும், நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை வேற. வீட்டுல அதே டப்பா ஒரே ஆளுக்கு, அதுவும் டிவி முன்னாடி உக்காந்து.

இந்த வருஷ ரத்த டெஸ்ட்ல, சர்க்கரையைக் காட்டற ஹெச்பிஏ1சி 6.2 வந்துருச்சு. 5.7லேர்ந்து 6.4 வரைக்கும் இருந்தா சர்க்கரை வியாதிக்கு முந்தின கட்டம், மாத்திரை இப்போ வேணாம், பொரிச்சதை நிறுத்துங்க, வெயிட்டைக் குறைங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். டீச்சர் அன்னிக்கே டப்பாவைக் கழுவிக் கவுத்துட்டாங்க. முறுக்குக்குப் பதிலா உப்புக்கடலை. மணல்ல போட்டு வறுக்கறது, சொட்டு எண்ணெய் கிடையாது, புரோட்டீன் இருக்கு, நார்ச்சத்து இருக்கு, மெல்லறதுக்கும் நேரமாகும், நல்ல முடிவுதான்.

ஆனா ஒரு மாசம் ஆகியும் வெயிட் மெஷின்ல முள்ளு அசையல. வயிறு வேற உப்புசம். "என்னம்மா இது, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடக்கூட இல்லையே"ன்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க, எனக்கும் கேக்கக் கஷ்டமா இருந்துச்சு. சாயங்காலம் எவ்ளோ சாப்பிடுவீங்கன்னு கேட்டேன். பாக்கெட்டை எடுத்துக் காட்டினாங்க, 200 கிராம் பாக்கெட், பாதி காலி. "முந்தாநாள்தான் பிரிச்சேன், நேத்து வெளிய போயிட்டேன்"னாங்க.

அப்படிச் சொல்லிட்டு அவங்களே நிறுத்திட்டாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பாக்கெட்டைத் திருப்பி அந்தப் பொடி எழுத்துக் கட்டத்தைப் படிச்சாங்க, கரண்ட் பில் கவரோட பின்பக்கத்துல பேனாவால கணக்குப் போட்டாங்க. கடலை 100 கிராமுக்கு சுமார் 370 கலோரி. முறுக்கு 100 கிராம்னா 500க்கு மேல போகும், ஏன்னா எண்ணெய்ல ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுலயும் பருப்புலயும் 4 தான். ஆனா டீச்சர் முறுக்கு தின்னப்போ நாலுதான் எடுப்பாங்க, அது கிட்டத்தட்ட 80 கிராம், அதாவது 400 சொச்சம். எண்ணெய் இல்லாத கடலையை ஒரே உக்காரல்ல பாதி பாக்கெட் தின்னா 370. "அப்போ கடலைக்கு மாறி நான் பெருசா ஒண்ணும் மிச்சம் பிடிக்கல"ன்னு சொல்லி பேனாவை மூடினாங்க.

அதே பாக்கெட்ல ஒரு வேளைக்கு 30 கிராம்னு போட்டிருந்தது. 30 கிராம்னா எவ்ளோன்னு கண்ணால தெரியணும்ல, பேரன் கேக் செய்யறதுக்கு வாங்கின கிச்சன் தராசை எடுத்து வெச்சு, பேரனுக்கு முன்னாடி பருப்புசாதம் ஊட்டின சின்ன எவர்சில்வர் கிண்ணியை மேல வெச்சு ஜீரோ பண்ணி, கொஞ்சம் கொஞ்சமா போட்டுப் பாத்தாங்க. 30 வந்தப்போ கிண்ணில அரையளவு கூட இல்ல. சுமார் 110 கலோரி, 6 கிராம் புரோட்டீன். கிண்ணி உள்பக்கத்துல மார்க்கர் பேனாவால கோடு போடப் போனாங்க, சாப்பிடற பாத்திரத்துல மை வேணாம்னு நான் தடுத்துட்டேன், அப்புறம் 30 கிராம் சரியா பிடிக்கற சட்னிக் கிண்ணம் ஒண்ணு கிடைச்சது.

இப்போ அளந்து எடுத்ததும் பாக்கெட் மூடி அலமாரிக்குப் போயிடும், கிண்ணம் மட்டும்தான் டிவி முன்னாடி வரும், எனக்கு இதுதான் பெரிய விஷயம்னு தோணுது. கொஞ்சமா இருக்கறது மனசுக்கு ஒரு மாதிரி இருக்குன்னு அதோட வெங்காயம், வெள்ளரிக்கா, கொத்தமல்லி பொடியா நறுக்கிப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கறாங்க, தட்டு நிறையுது. உப்பு போடாத கடலையா பாத்து வாங்கறாங்க, பிபி இருக்கறவங்க இதைக் கவனிக்கணும், ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து 5 கிராம் உப்புக்குள்ளன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அளவு குறைஞ்சதும், கூடவே தண்ணி குடிக்கறதும் சேந்து, உப்புசமும் போயிடுச்சு.

ரெண்டு மாசத்துல ரெண்டு கிலோ இறங்கியிருக்கு. ஹெச்பிஏ1சி சுமார் மூணு மாசத்து சராசரிச் சர்க்கரையைக் காட்டறதால அடுத்த டெஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கு. தீபாவளிக்கு முறுக்கு சுடுவேன், ரெண்டு எடுத்து வெச்சுக்கிட்டு மிச்சத்தை பில்டிங்குக்குக் குடுத்துடுவேன்னு இப்பவே சொல்லிட்டாங்க.

நேத்து போனப்போ தராசுல வேர்க்கடலை இருந்துச்சு. "பாருமா, இதுவும் 30 கிராம்தான், ஆனா 170 கலோரி, இதுக்கு இந்தக் கிண்ணம் ஒத்து வராது. உங்க வீட்டுல இதைவிடச் சின்னதா ஒண்ணு இருக்கா?"ன்னாங்க. ஊறுகாய்க் கிண்ணம் ஒண்ணு கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன்.